நள்ளிரவு தாண்டி விடுதிக்கு வருகிறீர்களா? எந்தத் தேதிக்கு அறை எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் இரவுப் பணி பார்க்கிறேன். பெங்களூரு, சென்னை, சேலம் என்று மூன்று பக்கத்திலிருந்தும் பேருந்துகள் வந்து சேரும் ஊர் இது. எங்கள் மேசைக்கு முன்னால் கூட்டம் சேர்வது மாலையில் அல்ல. இரவு பன்னிரண்டரைக்கு மேல்தான். அப்படி வருபவர்களில் அடிக்கடி ஒருவர் கைப்பேசியை நீட்டி, "பணம் கட்டியாயிற்று சார், அறை கொடுங்கள்" என்பார். வாங்கிப் பார்த்தால், அவருடைய அறை இன்னும் பதினோரு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். பதிவில் தவறு எதுவும் இருக்காது. தேதி மட்டும் ஒன்று தள்ளியிருக்கும்.

அந்தத் தவறு நேராமல் இருக்கச் செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

## 1. செயலியைத் திறப்பதற்கு முன்

மூன்று விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, நீங்கள் ஊரில் வந்து இறங்கும் நேரம். டிக்கெட்டில் பெரிதாக அச்சிட்டிருப்பது புறப்படும் தேதி. அறைக்கு அது உதவாது.

இரண்டாவது, அறையை எப்போது காலி செய்யப் போகிறீர்கள் என்பது. இதை யோசிக்காமல் தேதி போடுபவர்கள்தான் ஓர் இரவைக் குறைத்தோ கூட்டியோ எடுத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, விடுதியின் மேசைத் தொலைபேசி எண். பதிவுச் செயலியின் வாடிக்கையாளர் சேவை எண் அல்ல. இரவு ஒரு மணிக்குச் சாவியைக் கையில் வைத்திருப்பவர் மேசையில் இருப்பவர்தான்.

## 2. தேதி என்பது ஓர் இரவின் பெயர்

விடுதிக் கணக்கில் 6ஆம் தேதி என்றால், 6ஆம் தேதி நண்பகலில் தொடங்கி 7ஆம் தேதி நண்பகலுக்கு முன் முடியும் ஓர் இரவு. செக்-இன் 6, செக்-அவுட் 7 என்று போட்டால் ஓர் இரவு. செக்-அவுட் தேதியின் இரவு உங்களுடையது அல்ல. அன்று காலை நீங்கள் கிளம்புகிறீர்கள் என்று மட்டுமே பொருள். எத்தனை இரவு என்று தெரிய, பின்தேதியிலிருந்து முன்தேதியைக் கழித்தால் போதும். விரல்விட்டு எண்ணினால் ஒன்று கூடிவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கைப்பேசிக் கடிகாரம் நள்ளிரவு பன்னிரண்டுக்குத் தேதியை மாற்றிவிடுகிறது. விடுதியின் இரவு அங்கே முடிவதில்லை. 7ஆம் தேதி அதிகாலை 1 மணி என்று கைப்பேசி காட்டும் நேரம், விடுதிக்கு இன்னும் 6ஆம் தேதி இரவுதான்.

புதிதாக மேசையில் சேரும் பையன்களுக்கு இதைப் பஞ்சாங்கத்தை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பஞ்சாங்கத்தில் கிழமை மாறுவது சூரிய உதயத்தில். நடு இரவில் அல்ல. விடுதியின் நாளும் ஏறக்குறைய அப்படித்தான். நம்முடைய பேச்சும் இதற்கு ஒத்தே இருக்கிறது. "சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு வந்தேன்" என்றுதான் சொல்கிறோம். அதையே நாள்காட்டியில் தேட உட்கார்ந்தவுடன், நாக்குக்குத் தெரிந்தது விரலுக்கு மறந்துபோகிறது, ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டுவிடுகிறோம்.

## 3. இறங்கும் நேரத்தை எழுதிவைத்து, தேதியை முடிவு செய்தல்

ஒரு தாளில், அல்லது கைப்பேசிக் குறிப்பில், இப்படி ஒரு வரி எழுதுங்கள்: "சனிக்கிழமை 6ஆம் தேதி இரவு முடிந்து ஞாயிறு விடிவதற்குள், சுமார் 1 மணிக்குக் கிருஷ்ணகிரி." இரண்டு கிழமைகளும் அந்த வரியில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் எந்த இரவு என்பது நழுவிவிடும்.

பிறகு உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வந்தவுடன் படுக்க வேண்டுமா? வேண்டும் என்றால், செக்-இன் தேதி முந்தைய நாள்தான். மேலே எழுதிய வரியில் முதலில் வரும் கிழமையின் தேதியையே போட வேண்டும். இரவு 12.15க்கு வந்தாலும் 3 மணிக்கு வந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

"மூன்று மணிக்கு வந்து ஒன்பது மணி நேரம் தங்குவதற்கு ஒரு நாள் வாடகை முழுவதும் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கத்தான் வேண்டும். அந்த அறையை மாலையிலிருந்து வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களுக்காகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நீங்கள் தூங்கிய மணிக்கணக்கு அதில் சேராது.

இழுபறியான நேரம் அதிகாலை 4 முதல் 7 வரை. இங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. முந்தைய இரவையும் சேர்த்து எடுத்தால் அறை நிச்சயம். அதை எடுக்காமல், அன்றைய தேதிக்கே பதிவு செய்து முன்கூட்டியே செக்-இன் கேட்டால் பணம் மிச்சமாகலாம். ஆனால் உறுதி கிடையாது. முந்தைய இரவின் விருந்தினர் நண்பகல் வரை அறையில் இருக்க உரிமை உள்ளவர். அவரை எழுப்பி அனுப்ப எங்களால் முடியாது. அந்த இரவில் ஏதாவது அறை காலியாகக் கிடந்தால் மட்டுமே கொடுப்போம். அதற்கு அரை நாள் வாடகை கேட்கும் விடுதிகளும் உண்டு, ஒன்றும் கேட்காத விடுதிகளும் உண்டு.

நான் பார்த்த வரையில், குழந்தைகளோ முதியவர்களோ உடன் வந்தால் முந்தைய இரவை எடுத்துவிடுவது நல்லது. தனியாக வருபவர், பையை மேசையில் வைத்துவிட்டு ஒரு காபி குடித்து வரத் தயார் என்றால் இரண்டாவது வழியை முயலலாம்.

## 4. ஒரு முகூர்த்தக் குடும்பத்தின் கணக்கு

இந்த ஊரில் தேதித் தவறு அதிகம் நடப்பது திருமணங்களுக்கு வருபவர்களிடம். அதற்குக் காரணம் பத்திரிகை. அதில் முகூர்த்த நாள் கொட்டை எழுத்தில் இருக்கும். அறையையும் அந்தத் தேதிக்கே எடுத்துவிடுகிறார்கள்.

பெங்களூரிலிருந்து நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம். முகூர்த்தம் 7ஆம் தேதி ஞாயிறு காலை 6.00 முதல் 7.30 வரை. சனிக்கிழமை இரவு பத்தேகாலுக்கு மடிவாளாவில் பேருந்து ஏறி, அத்திப்பள்ளி, ஓசூர் தாண்டி, ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வந்து, ஒரு மணிக்கு எங்கள் மேசையில் நின்றார்கள். அவர்களுடைய பதிவு: செக்-இன் 7, செக்-அவுட் 8. ஓர் இரவு, பணம் கட்டியது.

அந்தப் பதிவின்படி அவர்களுடைய அறை ஞாயிறு நண்பகல் 12 மணிக்குத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் அவர்கள் மண்டபத்தில் பந்திக்கு உட்காரப் போகிறார்கள். மாலை பெங்களூரு திரும்புகிறார்கள். அதாவது, அவர்கள் பணம் கொடுத்து வாங்கியது அவர்கள் ஊரிலேயே இல்லாத ஓர் இரவு. தூங்க வேண்டிய இரவுக்கு அவர்களிடம் அறை இல்லை.

வேறு நாளாக இருந்திருந்தால் ஏதாவது செய்திருப்பேன். முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவில் மண்டபங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் எந்த லாட்ஜிலும் ஓர் அறைகூட மிஞ்சாது. மண்டப வீட்டாரே மொத்தமாக எடுத்துவைத்திருப்பார்கள். எங்களிடமும் இல்லை. பாட்டியை மட்டும் ரிசப்ஷன் சோபாவில் படுக்க வைத்துவிட்டு, மற்ற மூவரும் மண்டபத்து மாடிக்குப் போனார்கள். இலவசமாக ரத்து செய்யும் கெடுவும் முடிந்திருந்ததால் பணமும் திரும்பவில்லை.

சரியாகச் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? செக்-இன் 6, செக்-அவுட் 7. சனி இரவு ஒரு மணிக்கு வந்து தூங்கி, நான்கரைக்கு எழுந்து குளித்து, ஐந்தரைக்கு மண்டபம். தாலி கட்டி முடிந்து சிற்றுண்டி சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு அறைக்குத் திரும்பி சற்றுப் படுத்து, பதினொன்றரைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போயிருக்கலாம். பைகளை மாலை வரை மேசையில் விட்டுச்செல்ல யாரும் பணம் கேட்பதில்லை. வாடகை அதே ஓர் இரவுதான். ஒரு ரூபாய்கூட அதிகமாகியிருக்காது.

## 5. நண்பகல் லாட்ஜா, 24 மணி நேர லாட்ஜா என்று கேட்டல்

நம் ஊர்களில் இரண்டு வகையும் இருக்கின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரி பேருந்து நிலையங்களைச் சுற்றியுள்ள பழைய லாட்ஜ்களில் சில 24 மணி நேரக் கணக்கில் வாடகை வாங்குபவை. அங்கே நீங்கள் பதிவேட்டில் கையெழுத்திட்ட நேரத்திலிருந்து கடிகாரம் ஓடும். இரவு 1 மணிக்கு வந்தால் மறுநாள் இரவு 1 மணி வரை அறை உங்களுடையது.

நேரில் போய் அறை எடுப்பவருக்கு அப்படிப்பட்ட லாட்ஜில் தேதிக் குழப்பமே இல்லை. செயலி வழியாகப் பதிவு செய்தால் குழப்பம் வரும். செயலிக்குத் தெரிந்தது தேதி மட்டும். ஒரே லாட்ஜ், நேரில் வருபவருக்கு 24 மணி நேரமும், செயலியில் வருபவருக்கு நண்பகல் செக்-அவுட்டும் வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். வெளிப் பலகையில் "24 மணி நேரம்" என்று எழுதியிருப்பதை நம்பி நண்பகல் தாண்டித் தூங்கியவருக்கு, இன்னொரு நாள் வாடகை பில்லில் ஏறிவிடும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "உங்களுடையது 24 மணி நேரமா?" என்பதல்ல. "இந்தப் பதிவுக்கு, நான் எந்தத் தேதி எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் தேதியும் மணியுமாக வர வேண்டும்.

## 6. பதிவு செய்த கையோடு மேசைக்குத் தொலைபேசி

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சரியான தேதி போட்டவர்கள்கூட இதனால் மாட்டிக்கொள்கிறார்கள்.

6ஆம் தேதிக்குப் பதிவு செய்தவர் மாலை வரவில்லை, இரவு பத்துக்கும் வரவில்லை என்றால் மேசைக்கு அவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாது. நள்ளிரவு தாண்டியதும் அன்றைய வரவு செலவை முடித்து, கணினியில் தேதியை அடுத்த நாளுக்கு நகர்த்துவோம். இதை நைட் ஆடிட் என்பார்கள். எங்கள் லாட்ஜில் இரண்டு மணி வாக்கில் நடக்கிறது. மற்ற இடங்களில் முன்பின் இருக்கும். அதை முடிக்கும்போது, வந்து சேராத பதிவுகளை 'நோ-ஷோ' என்று குறிக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் குறித்த அறையை வாசலில் நிற்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

இரண்டு மூன்று இரவுகளுக்கு எடுத்தவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து. முதல் இரவு வரவில்லை என்று குறித்தால், பல இடங்களில் மீதி இரவுகளும் சேர்ந்தே ரத்தாகிவிடும். ஒகேனக்கல் போக மூன்று நாள் அறை எடுத்தவர், முதல் நாள் பேருந்து தாமதமாகி அதிகாலையில் வந்து, மூன்று நாளும் இல்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

தொலைபேசியில் சொல்ல வேண்டியது நீளமில்லை. ஆனால் சொல்லும் விதம் முக்கியம். "ஏழாம் தேதி ராத்திரி ஒரு மணிக்கு வருகிறேன்" என்று சொன்னால், கேட்பவர் அதை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே முழுதாக ஒரு நாள் இருக்கிறது. இப்படிச் சொல்லுங்கள்:

"ஆறாம் தேதி சனிக்கிழமை இரவுக்குப் பதிவு செய்திருக்கிறேன். சனி இரவு முடிந்து ஞாயிறு விடிவதற்குள், ஒரு மணி வாக்கில் வருவேன். நோ-ஷோ போட்டுவிடாதீர்கள்."

எதிர்முனையில் இருப்பவர், "ஞாயிறு பன்னிரண்டு மணிக்குக் காலி செய்துவிடுவீர்கள்தானே சார்?" என்று திருப்பிக் கேட்டால் அவருக்குச் சரியாகப் புரிந்திருக்கிறது. "திங்கட்கிழமை காலி செய்வீர்களா?" என்று கேட்டால் இருவரில் ஒருவர் தவறாக இருக்கிறீர்கள், அங்கேயே நிறுத்திச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பேசிய பிறகு அதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவையுங்கள். பகலில் பேசியவர் இரவில் இருக்கமாட்டார். பணி மாறும்போது வாய்ச்சொல் தொலைந்துவிடும். எழுத்தில் இருந்தால் அடுத்தவருக்குப் போய்ச் சேரும். பேருந்து தாமதமானால், ஓசூர் தாண்டும்போது இன்னொரு முறை கூப்பிடுங்கள். அங்கிருந்து ஒரு மணி நேரம்தான் என்பதால், நீங்கள் சொல்லும் நேரத்தை அப்போது நாங்கள் நம்பலாம்.

## 7. நள்ளிரவுக்குப் பின் வழியில் பதிவு செய்வதென்றால்

நேரம் 12.30. கார் வழியில் பழுதாகிவிட்டது, அல்லது ஓட்டுநருக்குத் தூக்கம் வருகிறது. கைப்பேசியை எடுத்து "இன்று" என்று பதிவு செய்கிறீர்கள். பல செயலிகளில் முந்தைய தேதி அதற்குள் சாம்பல் நிறமாகி, தொட முடியாமல் போயிருக்கும். "இன்று" என்பது அங்கே இன்னும் பதினொன்றரை மணி நேரம் கழித்து வரும் நண்பகல்.

இந்த நேரத்தில் செயலியை விட்டுவிட்டு மேசைக்குப் பேசுவதுதான் வழி. நைட் ஆடிட் முடியாதவரை கணினியிலும் பழைய தேதியே இருப்பதால், அந்த இரவுக்கே அறை போட்டுத் தர எங்களால் முடியும். ஆடிட் முடிந்த பிறகு வந்தாலும் அறை கொடுப்போம். ஆனால் அது முடிந்த இரவின் கணக்கா, புதிய நாளின் கணக்கா என்பது விடுதிக்கு விடுதி மாறும். அதே நாள் நண்பகலா, மறுநாள் நண்பகலா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

## 8. மேசையில் கையெழுத்திடும்போது

பதிவேட்டில் நீங்கள் உண்மையில் வந்த தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள்: 7ஆம் தேதி, 1.05. பில்லில் 6 முதல் 7 வரை என்று இருக்கும். இரண்டும் முரண்படுவதுபோலத் தோன்றினாலும் இரண்டும் சரி. பதிவேடு நீங்கள் வாசலில் நுழைந்த நேரத்தைச் சொல்கிறது. பில் எந்த இரவை வாங்கினீர்கள் என்பதைச் சொல்கிறது. ஒன்றுக்கு ஒத்துப்போகட்டும் என்று மற்றதைத் திருத்தச் சொல்லாதீர்கள்.

அலுவலகப் பயணப்படி கேட்பவர்களுக்கு இது தலைவலியாகலாம். "பேருந்தில் ஏறியதே 6ஆம் தேதி இரவு பத்துக்குமேல், 6ஆம் தேதிக்கு அறை எப்படி?" என்று கணக்குப் பிரிவில் கேட்பார்கள். பில்லின் ஓரத்தில் வந்த நேரத்தை எழுதி முத்திரை வைத்துத் தரச் சொன்னால், பெரும்பாலும் எந்த மேசையிலும் மறுக்கமாட்டார்கள்.

## 9. தவறாகப் போட்டுவிட்டால்

பயணத்துக்கு முன்பே தெரிந்தால், முதலில் மேசைக்குப் பேசி முந்தைய இரவுக்கு அறை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மட்டும் தேதியை மாற்றுங்கள். பழையதை முதலில் ரத்து செய்துவிட்டுப் பிறகு தேடினால் இரண்டும் இல்லாமல் போகலாம்.

செயலியில் பணம் கட்டியிருந்தால் மாற்றத்தைச் செயலி வழியாகவே செய்ய வேண்டியிருக்கும். பணம் எங்களிடம் இன்னும் வந்திருக்காது. ஆகவே மேசையில் எவ்வளவு கெஞ்சினாலும் எங்களால் திருப்பித் தர முடியாது. நாங்கள் செய்யக்கூடியது, தேதி மாற்றத்துக்கு எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று செயலிக்காரர்களிடம் சொல்வது. அதைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

வாசலில் வந்து நின்ற பிறகு தெரிந்தால், "அறை காலியாக இருக்கிறதா?" என்பதை மட்டும் முதலில் கேளுங்கள். தேதிச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். காலியாக இருந்தால் அந்த இரவுக்குத் தனியாகப் பணம் கட்டித் தூங்கிவிட்டு, காலையில் செயலியிடம் மற்ற இரவைப் பற்றிப் பேசுங்கள்.

## 10. நள்ளிரவுக்குப் பின் கிளம்புபவர்கள்

வருவதைப் போலவே போவதிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஏற வேண்டிய பேருந்து அதிகாலை 2 மணிக்கு, தேதி 8 என்றால், "8ஆம் தேதி கிளம்புகிறேன், 7ஆம் தேதி நண்பகலில் காலி செய்தால் சரி" என்று சிலரும், "செக்-அவுட் 8 என்றால் இரண்டு நாள் ஆகிவிடுமோ" என்று சிலரும் குழம்புகிறார்கள். 7ஆம் தேதி இரவு பத்து மணிக்கு உங்களுக்குப் படுக்கை வேண்டும் என்றால், 7ஆம் தேதியின் இரவு உங்கள் பதிவில் இருக்க வேண்டும். செக்-அவுட் 8தான்.

இப்படிக் கிளம்புபவர்கள் இரவு பதினொன்றுக்கு முன்பே பில்லை முடித்துவிடுங்கள். ஒன்றரை மணிக்கு இறங்கி வந்தால் நாங்கள் ஆடிட் வேலையில் இருப்போம், கணினி பாதியில் நிற்கும், ஆட்டோ வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்.

வாசல் இரும்புக் கதவைப் பூட்டிவிட்டுக் காவலாளி படுத்துவிடும் லாட்ஜ்களும் உண்டு. எத்தனை மணிக்குக் கதவு திறக்க வேண்டும் என்பதையும் பில் கட்டும்போதே சொல்லிவிடுங்கள்.